கைதட்டலை வெட்டி எடுப்பது கிளர்ச்சியாகாது

கட்சி வகுப்புகளும் தொழிற்சங்கப் பள்ளிகளும் ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு செய்யப்படுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஒன்றரை மணி நேர வகுப்பு முடிந்த மறுநாளே அதிலிருந்து பத்துப் பதினைந்து துண்டுகள் வெட்டப்பட்டு, அலைபேசித் திரைக்கேற்ற நெடுஞ்சட்டகத்தில் வெளியாகிவிடுகின்றன. 2020 ஜூன் இறுதியில் மோடி அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அடுத்த மூன்று மாதங்களுக்குள் இன்ஸ்டாகிராம் தனது ரீல்ஸையும் யூடியூப் தனது ஷார்ட்ஸையும் இந்தியாவில் இறக்கின. ஓர் ஏகபோகம் விலகிய இடத்தில் வேறிரண்டு வந்து அமர்ந்தன. அந்தச் சந்தைக்குள்தான் இடதுசாரி வகுப்புகளின் துண்டுகளும் இன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இது குறித்துத் தோழர்களிடையே இரண்டு நிலைபாடுகள் நிலவுகின்றன. துண்டு போடுவதே சரணாகதி, முழு விரிவுரையை உட்கார்ந்து கேட்கும் பொறுமையற்றவருக்கு மார்க்சியம் எட்டாது என்பது ஒன்று. மக்கள் இருக்குமிடத்துக்குச் செல்ல வேண்டும், எது பார்க்கப்படுகிறதோ அதை வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதற்கு அதிகம் பேர் இல்லை. பின்னதற்கோ மாவட்டந்தோறும் ஆளிருக்கிறது, அறிக்கைகளில் எண்ணிக்கையும் இருக்கிறது. ஆகவே பின்னதையே விரிவாக எடுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

முதல் நிலைபாட்டுக்கு விடை நூறாண்டுகளுக்கு மேல் பழையது. 1902இல் வெளிவந்த ‘என்ன செய்ய வேண்டும்?’ நூலில், பிளெகானவ் வகுத்த ஒரு வேறுபாட்டை லெனின் ஏற்று விளக்குகிறார். பிரச்சாரகர் பல கருத்துகளை, அவற்றின் உள்தொடர்போடு, சிலருக்கு விளக்குகிறார். கிளர்ச்சியாளரோ ஒரேயொரு கருத்தைப் பலருக்குக் கொண்டுசெல்கிறார். வேலையின்மை பற்றிப் பேசும் பிரச்சாரகர் முதலாளித்துவ நெருக்கடிகளின் இயல்பை விளக்குவார். கிளர்ச்சியாளர் எல்லோரும் அறிந்த ஒரு குடும்பத்தின் பட்டினிச் சாவை எடுத்துக்கொண்டு அந்த ஒரே முரண்பாட்டை மனத்தில் பதியவைப்பார். தொண்ணூறு நிமிட வகுப்பு பிரச்சாரம், இரண்டு நிமிடத் துண்டு கிளர்ச்சி. இரண்டும் தேவை. துண்டுகளை வெறுப்பவர்கள் கிளர்ச்சிப் பணியையே வெறுக்கிறார்கள் என்பதை உணர்வதில்லை.

ஆனால் இந்த வேறுபாடு இரண்டாவது நிலைபாட்டினரையும் விட்டுவைக்கவில்லை. கிளர்ச்சியாளர் கொடுப்பது ஒரு கருத்து. கருத்தில் பாதி அல்ல. விரிவுரையில் கைதட்டல் விழுந்த வரியை முன்னும் பின்னும் பத்து விநாடி சேர்த்து வெட்டியெடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் கருத்தே அல்ல. கேட்டவர்கள் இருபது நிமிடமாக அடைந்த தெளிவின் இறுதி எதிரொலி அது. தெளிவைத் தந்த பகுதி வெட்டியவரின் கணினியிலேயே கிடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்க்கலாம். தில்லியில், பல மாநிலத் தொழிற்சங்க ஊழியர்களுக்கு இந்தியில் நடத்தப்படும் 84 நிமிட வகுப்பு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பொருள், 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்த நான்கு தொகுப்புகளில் ஒன்று அது. ஒவ்வொரு மாநிலத் தோழர்களும் தத்தம் மொழியில் வசன வரி பொருத்தித் துண்டுகள் போட வேண்டும். வகுப்பின் 26ஆம் நிமிடத்தில், “இனி வேலைநிறுத்தம் சட்டவிரோதம்” என்ற சொற்கள் ஓங்கி ஒலிக்கின்றன, அரங்கம் அதிர்கிறது. பழக்கப்பட்ட கை அந்த இடத்துக்குத்தான் போகும். இருபத்தைந்து விநாடித் துண்டு, சிவப்புப் பின்னணி, எழுச்சி இசை.

அந்தத் துண்டு சொல்வது தவறு. தொகுப்பு வேலைநிறுத்தத்தைத் தடை செய்யவில்லை. அது செய்திருப்பது வேறொன்று, கெட்டிக்காரத்தனமான ஒன்று. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 14 நாள் நோட்டீஸ் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்தது. இப்போது அது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரிக்கப்பட்டுள்ளது. ஒரு சங்கம் மார்ச் 1 அன்று நோட்டீஸ் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 நாட்கள் கழியாமல் வேலையை நிறுத்தக் கூடாது. நோட்டீஸின் ஆயுள் 60 நாட்கள், அதாவது ஏப்ரல் இறுதி வரை. மார்ச் 10 அன்று சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் அன்றே சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கருதப்படும். அது நடக்கும் காலத்திலும், முடிந்த பின் ஏழு நாட்களுக்கும் வேலைநிறுத்தம் கூடாது. மார்ச் 24 அளவில் சமரசம் முறிந்தால் மார்ச் 31 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள், மார்ச் 27 அன்று, நிர்வாகமே தீர்ப்பாயத்துக்கு ஒரு மனு போடுகிறது. பழைய சட்டத்தில் கூட்டுத் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போக அரசின் ஆணை வேண்டும். புதிய தொகுப்பில், சமரசத்தில் தீராத விவகாரத்தை இரு தரப்பில் எவரும் நேரே எடுத்துச் செல்லலாம். வழக்கு நிலுவையில் உள்ள காலமும் முடிந்த பின் 60 நாட்களும் வேலைநிறுத்தத்துக்குத் தடை. இதற்கிடையே ஏப்ரல் முடிந்துவிடும், நோட்டீஸும் காலாவதியாகும்.

உரிமை புத்தகத்தில் இருக்கிறது, அதன் நாள்காட்டி எதிராளியின் கையில் இருக்கிறது. விரிவுரையாளர் ஆறு நிமிடங்களில், பலகையில் ஒரு கோடு வரைந்து, தேதிகளைக் குறித்து இதைக் காட்டுகிறார். அங்கே கைதட்டல் இல்லை. எழுதுகோல் ஓடும் ஓசைதான் கேட்கிறது. துண்டாக வேண்டியது அந்த ஆறு நிமிடம்.

“வேலைநிறுத்தம் சட்டவிரோதம்” என்ற துண்டைப் பார்க்கும் ஆலைத் தொழிலாளி என்ன முடிவுக்கு வருவார்? இனிச் சங்கம் நோட்டீஸ் கொடுத்துப் பயனில்லை என்றுதான். நிர்வாகத்தின் மனிதவள அதிகாரி பரப்ப விரும்புவதும் அதையேதான். நாள் கணக்கைக் காட்டும் துண்டைப் பார்ப்பவரோ, நோட்டீஸை எப்போது கொடுப்பது, சமரசக் கூட்டத்துக்கு முன் என்ன ஆயத்தம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வருவார். ஒன்று அச்சத்தைப் பரப்புகிறது, மற்றது ஆளைத் திரட்டுகிறது. “எப்படியோ பிரச்சினை மக்களிடம் போய்ச் சேர்ந்ததே” என்று அமைதி கொள்வோர் இந்த வேறுபாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதில் இன்னொரு கேடும் மறைந்திருக்கிறது. 26ஆம் நிமிடத்தில் விரிவுரையாளர் உண்மையில் சொன்னது, இனி வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று தொழிலாளர்கள் நம்ப வேண்டும் என்பதே முதலாளிகளின் விருப்பம் என்பதைத்தான். இந்தியில் ‘முதலாளிகள் விரும்புவது என்னவென்றால்’ என்ற பகுதி முதலில் வரும், நம்பவைக்கப்படும் செய்தி பின்னால் வரும். துண்டு போட்டவர் விறுவிறுப்புக்காக வாக்கியத்தின் தலையை வெட்டினார். முதலாளியின் சொல் தோழரின் வாயில் ஏறிக்கொண்டது.

தமிழில் இந்த ஆபத்து தலைகீழாக வருகிறது. தமிழ் வாக்கியத்தில் யார் சொன்னது என்பதும், உண்டா இல்லையா என்பதும் கடைசியில்தான் தெரியவரும். ‘என்கிறார்கள்’, ‘என்பது பொய்’, ‘என்று எவரும் கருத வேண்டாம்’ ஆகியவை வாக்கியத்தின் வாலில் தொங்குகின்றன. வசன வரியோ திரையில் ஒரு நேரத்தில் இரண்டு அடிகளுக்கு மேல் நிற்காது, மூன்று விநாடிக்கு ஒருமுறை மாறும். முதல் அட்டையில் “இனி வேலைநிறுத்தம் சட்டவிரோதம்” என்று வருகிறது. இரண்டாவது அட்டையில் “என்று நம்பவைக்கப் பார்க்கிறார்கள்” என்று வருகிறது. பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர் முதல் அட்டையிலேயே விரலால் தள்ளிவிட்டால், அவர் எடுத்துச் செல்வது எதிரியின் வாக்கியம். இந்தி ஒலியில் பிழையே இல்லாத ஒரு துண்டு தமிழ் வசன வரியில் பொய்யாகிவிடும். மொழிபெயர்ப்பைக் கடைசி வேலையாக, வெட்டி முடித்த பின் ஒட்டப்படும் பட்டையாகக் கருதும் பழக்கத்தின் விளைவு இது.

மாற்றுவழி எளியது. பிறர் கூற்றாக வரும் எந்த வாக்கியத்திலும் சொன்னவரை முன்னால் கொண்டுவர வேண்டும். “முதலாளிகள் நம்பவைக்கப் பார்ப்பது இது” என்று முதல் அட்டை, கூற்று இரண்டாம் அட்டை. தமிழ் நடை சற்று விறைப்பாகத்தான் தோன்றும். இலக்கணம் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். மறுப்பு வாக்கியமாயின் ‘இல்லை’, ‘தவறு’ என்பதை அடுத்த அட்டைக்குத் தள்ளாமல், வாக்கியத்தையே சுருக்கி ஒரே அட்டையில் அடக்க வேண்டும். அடங்கவில்லையென்றால் அந்த வாக்கியம் துண்டுக்கு உரியதன்று.

ஆக, வெட்டும் வேலை கணினியில் தொடங்குவதில்லை, தாளில் தொடங்குகிறது. முழு விரிவுரையையும் நிமிட, விநாடிக் குறிப்போடு எழுத்தில் பெயர்த்துக்கொள்வது முதல் வேலை. 84 நிமிடத்துக்கு ஒரு தோழரின் இரண்டு நாள் உழைப்பு பிடிக்கும். அதைத் தவிர்க்க நினைப்பவர்கள்தான் கைதட்டல் ஒலியை வழிகாட்டியாகக் கொள்கிறார்கள். எழுத்துப்படியை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது, எந்த இடத்தில் அதற்குரிய ஆதாரம் சொல்லி முடிகிறது என்று ஓரத்தில் கோடிட்டால், துண்டுகளின் எண்ணிக்கை தானே தெரியும். மேற்கண்ட வகுப்பில் அது ஐந்தைத் தாண்டாது. பதினைந்து துண்டு போட்டோம் என்பவர்கள், பதினைந்து கருத்துகள் எவையென்று ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும்.

ஆறு நிமிட நாள் கணக்கு ஒரே துண்டில் அடங்காது. 2024 அக்டோபர் முதல் யூடியூப் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை ஏற்கிறது. எனினும் இதை இரண்டாகப் பிரிப்பதே பொருத்தம். முதல் துண்டு, நோட்டீஸும் 14 நாளும். இரண்டாவது, சமரசமும் தீர்ப்பாயமும். இரண்டையும் ஒரே ஆள் வரிசையாகப் பார்ப்பார் என்று எண்ணக் கூடாது. எதை யாருக்கு எப்போது காட்டுவதென்று முடிவு செய்வது நிறுவனத்தின் கணக்கீடு, துண்டு போட்டவர் அல்லர். ஆகவே இரண்டாம் துண்டு “மேலே சொன்ன நோட்டீஸ்” என்று தொடங்கினால் செத்தது. ‘அது’, ‘இச்சட்டம்’, ‘அவர்கள்’ என்ற சுட்டுச் சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்பது அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லாவிடில் சட்டத்தின் பெயர் திரையின் மேற்பகுதியில் துண்டு முழுவதும் நிற்க வேண்டும்.

தொடக்க வரியை இளந்தோழர்கள் ‘ஹூக்’ என்கிறார்கள், தூண்டில் என்று பொருள். தூண்டில் வேண்டாம் என்பது வறட்டு வாதம். மேடைப் பேச்சாளரும் முதல் வாக்கியத்தில் கூட்டத்தைப் பிடிக்கத்தான் செய்கிறார். எங்கிருந்து எடுப்பது என்பதே கேள்வி. நடைமுறையில் இப்போது துண்டின் கடைசியில் உள்ள மிகச் சூடான முடிவை வெட்டி முன்னால் ஒட்டுகிறார்கள். முடிவு முதலிலேயே வந்துவிட்டால் பின்வரும் ஆதாரம் வெறும் அலங்காரமாகிறது, பார்ப்பவர் எட்டாவது விநாடியில் கிளம்பிவிடுகிறார், ஆதாரமற்ற முடிவோடு. அதே வகுப்பின் 21ஆம் நிமிடத்தில் விரிவுரையாளர் கேட்கிறார்: “இன்று நோட்டீஸ் கொடுத்தால் என்றைக்கு வேலையை நிறுத்தலாம்?” பல தொழிலாளர்கள் சங்கத்தில் வந்து கேட்கும் கேள்வி இதுவே. இதை முன்னால் கொண்டுவருவதில் தவறில்லை. கேள்வியை இடம் மாற்றலாம், முடிவை இடம் மாற்றக் கூடாது. விரிவுரையில் கேள்வியே இல்லையென்றால் திரையில் எழுத்தாகப் போடலாம், ஆனால் அது வெட்டியவரின் எழுத்து என்று தெரிய வேண்டும். விரிவுரையாளரின் வாயில் அதைத் திணிப்பது மோசடி.

மூன்றாவது துண்டு, 300 பேர் வரம்பு பற்றியது. அதற்கேற்ற தூண்டில், “ஆலையில் 299 பேர் இருந்தால்?” என்பது. ஆட்குறைப்பு, தற்காலிக வேலைமறுப்பு, ஆலைமூடல் ஆகியவற்றுக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற விதி, இதுவரை 100 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களுக்குப் பொருந்தியது. தொகுப்பு அதை 300 ஆக்கியிருக்கிறது, அறிவிக்கை மூலம் மேலும் உயர்த்தவும் இடம் வைத்திருக்கிறது. இந்த விதி 1976இல் முதலில் வந்தபோது வரம்பு 300. 1982ஆம் ஆண்டுத் திருத்தமே அதை 100 ஆகக் குறைத்தது. சீர்திருத்தம் என்று முழங்கப்படுவது நெருக்கடி நிலைக் காலத்து எண்ணுக்குத் திரும்புவதுதான். இங்கேயும் அவசரக் கத்தரிப்பு ஒரு பொய்யை உற்பத்தி செய்யும். “300 பேருக்குக் குறைந்த ஆலைக்குச் சட்டமே கிடையாது” என்ற துண்டைப் பார்த்தவர், தமக்குரிய நோட்டீஸையும் இழப்பீட்டையும் கேட்காமலே வீட்டுக்குப் போய்விடக்கூடும். அவை தொகுப்பில் இருக்கின்றன. பறிபோனது முன்அனுமதி. ‘முன்அனுமதி’ என்ற சொல் இல்லாமல் அந்தத் துண்டு வெளியே போகக் கூடாது.

முடிவுகளைப் பொறுத்தவரை சந்தை இரண்டு தந்திரங்களைக் கற்றுத்தந்திருக்கிறது. “மீதி அடுத்த பாகத்தில்” என்று வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவது ஒன்று. கடைசிச் சொல்லை முதல் சொல்லோடு பொருத்தி, துண்டு முடிந்ததே தெரியாமல் மறுபடி ஓடவைப்பது மற்றொன்று. மறுபடி ஓடினால் எண்ணிக்கை கூடும். 2025 மார்ச் 31 முதல் யூடியூப், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கிய ஒவ்வொரு தடவையையும், மறு ஓட்டத்தையும் சேர்த்து, குறைந்தபட்ச நேரம் எதுவுமின்றிப் பார்வையாக எண்ணுகிறது. விரல் பட்டுக் கடந்து போனவரும் பார்வையாளரே. “ஒரு லட்சம் பார்வை” என்று அறிக்கையில் எழுதும் குழுக்கள் இதை அறிந்துதான் எழுதுகின்றனவா?

நோட்டீஸ் பற்றிய துண்டு, பலகையில் 14 நாள் முடியும் தேதியைக் காட்டி, “இதற்குள் சமரச அதிகாரி கூட்டம் போட்டால் கணக்கு மாறும்” என்ற வாக்கியத்தோடு நின்றால் போதும். சொன்னது முழுமையாகிறது, சொல்லாதது எதுவென்றும் தெரிகிறது. மூச்சுவிடும் அரை விநாடியை விட்டு வெட்ட வேண்டும். இல்லையேல் பேச்சாளர் கழுத்து நெரிக்கப்பட்டவர்போல் முடிகிறார். அடுத்த மூன்று விநாடியில் முழு வகுப்பின் பெயர், தேதி, இந்தத் துண்டு அதில் எந்த நிமிடம் ஆகியவை படத்திலேயே பதிய வேண்டும். கீழே குறிப்பில் எழுதினால் போதாது. வாட்ஸ்அப்பில் படம் பயணம் செய்யும், குறிப்பு பின்தங்கிவிடும்.

சட்டகத்தைப் பற்றியும் ஒரு சொல். அகலவாக்கில் 1920க்கு 1080 அளவில் எடுத்த படத்தை 9:16 நெடுஞ்சட்டகமாக வெட்டினால் மிஞ்சுவது ஏறத்தாழ 608 அகலம், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பேச்சாளர் முகம் கிடைக்கும், பலகை போய்விடும். நாள் கணக்கு பலகையில்தான் இருக்கிறது! முகத்தைக் காட்டுவதா, கோட்டைக் காட்டுவதா என்றால், தனிமனித வழிபாட்டை மறுக்கும் இயக்கத்துக்கு விடை கடினமாக இருக்கலாகாது. திரையை இரண்டாகப் பிரித்து மேலே பேச்சாளரையும் கீழே பலகையையும் வைக்கலாம், அல்லது தேதிக்கோட்டை மறுபடி வரைந்து பொருத்தலாம். ஒளிப்பதிவின்போதே திட்டமிருந்தால் 4கே அளவில் எடுத்து வெட்டுவது நல்லது, எழுத்து கலங்காது. திரையின் அடிப்பகுதியும் வலது ஓரமும் செயலியின் பொத்தான்களுக்குப் போய்விடும் என்பதால் வசன வரி அவற்றுக்கு மேலே நிற்க வேண்டும்.

வெளியிடுவதற்கு முன், வகுப்பில் இல்லாத ஒரு தொழிலாளியிடம், முடிந்தால் சங்கத்திலேயே இல்லாதவரிடம், ஒலியை அணைத்துவிட்டுத் துண்டைக் காட்ட வேண்டும். பிறகு, இதில் என்ன சொல்கிறார்கள் என்று அவரிடமே கேட்க வேண்டும். “வேலைநிறுத்தம் கூடாதாம்” என்று அவர் சொன்னால் துண்டு திரும்பவும் தாளுக்குப் போகட்டும். “நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழித்துத்தானாம், அதற்குள் ஆபீசர் கூப்பிட்டால் இன்னும் தள்ளிப்போகுமாம்” என்று சொன்னால் வெளியிடலாம். மாவட்டக் குழு அறிக்கையில் பார்வை எண்ணிக்கை எழுதும் இடத்தில், அந்த வாரம் நோட்டீஸ் தேதி கேட்டுச் சங்க அலுவலகத்துக்கு எத்தனை ஆலைகளிலிருந்து ஆள் வந்தார்கள் என்று எழுதலாம்.